உயரம் சரி, இடம் பிழை: 1974 விமான விபத்தும் விமானியின் கணக்கும்

பிலிமத்தலாவையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கடல்மைல். நோட்டன் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஏழு கன்னியர் மலைக்கும் அந்நிலையத்துக்கும் இடையிலான தூரமும் அவ்வளவே. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, சுராபாயாவிலிருந்து இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டி.சி.-8 விமானம் அம்மலையில் மோதியது. விமானத்திலிருந்த 191 பேரும் மாண்டனர். டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பிய விமானிகள் தம் இடத்தைப் பிழையாகக் கணித்தமையே காரணம் என்பது விசாரணையின் முடிவு.

விமானி உரிமப் பாடத்தின் எளிய கணக்குகளைக் கொண்டு இதனை நோக்குவோம். விமானம் மோதிய உயரம் ஏறத்தாழ 4,355 அடி. வழக்கமான இறக்கச் சரிவில் 1,000 அடி இறங்க 3 கடல்மைல் வேண்டும். ஆகவே 4,355 அடியில் இருக்கும் விமானம் ஓடுபாதைக்கு 4.355 × 3, அதாவது ஏறத்தாழ 13 கடல்மைல் தொலைவில் இருத்தல் வேண்டும். அத்தொலைவில் அந்த உயரம் முற்றிலும் முறையானதே. ஆயின் உண்மைத் தூரம் 40. வேறுபாடு 27 கடல்மைல். நிமிடத்துக்கு 4 கடல்மைல் வேகத்தில் ஏழு நிமிடத்துக்கும் குறைவான பயணம்.

இத்தகைய பிழை எங்ஙனம் தோன்றும்? டொப்ளர், கீழேயுள்ள பரப்பிலிருந்து மீளும் அலையைக் கொண்டு தரைவேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அளக்கிறது. அவ்வேகத்தை நேரத்தால் பெருக்கியே கடந்த தூரம் பெறப்படுகிறது. கடலின் மேற்பரப்போ தானும் அசைவது. சுராபாயாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 2,150 கடல்மைல். அதன் நூற்றுக்கு 1.25 பங்கே 27 கடல்மைல். இது எம் கணக்கேயன்றி விசாரணையின் அளவீடன்று. ஆயினும் சிறு வழு நெடுவழியில் எவ்வாறு திரள்கிறது என்பதை அது காட்டும்.

வானிலையும் இதனோடு இணைகிறது. காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் உள்ள வேறுபாட்டின் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 400 அடி உயரத்தில் திரள்முகிலின் அடித்தளம் அமையும். 1,600 அடி உயரமுள்ள ஓர் ஊரில் வெப்பநிலை 24 பாகை, பனிபடுநிலை 19 பாகை எனக் கொள்வோம். முகிலடி 1,600 + 2,000 = 3,600 அடி. அதற்கு மேலெழும் மலைமுடிகள் முகிலுள் மறையும். பகலிலும் விமானி அவற்றைக் காணார்.

எனவே தற்காப்பு கண்ணில் இல்லை. மலைநாட்டில், அப்பகுதியின் அதியுயர் முடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி விடுவது வழக்கம். பீதுருதாலகால 8,281 அடி. பாதுகாப்பான உயரம் ஏறத்தாழ 10,300 அடி. விமானம் மலைகளைத் தாண்டிவிட்டதென, தரையிலுள்ள வானொலிக் கலங்கரை போன்ற பிறிதொரு சான்று உறுதிசெய்யும்வரை அதற்குக் கீழ் இறங்கலாகாது. விமானத்தின் சொந்தக் கருவிகள் இரண்டு ஒத்துப்போவது போதிய சான்றாகாது. முதற் கணிப்பை நம்பியவர் ராடார்த் திரையிலும் தாம் எதிர்பார்த்த கரையையே காணக்கூடும்.

விமானி பிழைவிட்டார் என்பதோடு நாம் அமைதல் தகாது. தன் கணிப்பைத் தானே சரிபார்க்கும் தனிமனிதனிடம் 191 உயிரை ஒப்படைத்த உழைப்பு ஒழுங்கும் வினாவுக்குரியது. தரையில் நின்று அவனைத் திருத்தும் இன்னொருவரின் உழைப்பும் அக்கணக்கின் ஓர் உறுப்பேயாம்.