கை ஆடலாம், கால் நகரக் கூடாது

எதிர்மனையில் ஒரு வீடு எழும்புகிறது. வானம் தோண்டிய நாளிலிருந்து, எதிரே உள்ள மொட்டை மாடியில் நின்று ஒருவர் தினமும் காலையில் செல்போனில் ஒரு படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறேழு மாதத்தில் 200 படங்கள் சேர்ந்துவிடும். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் அவற்றை ஓட்டினால், வீடு 17 நொடியில் வளர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். டைம்லேப்ஸ் என்பது இதுதான். ஆனால் முதல்முறை ஓட்டிப் பார்க்கும்போது வீடு வளர்வது கண்ணில் படாது. காட்சி முழுவதும் வெடவெடவென்று குலுங்குவதுதான் தெரியும்.

ஒரே இடம், ஒரே போன், ஒரே கோணம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். கேமராவின் கணக்கு வேறு. செல்போனின் முதன்மைக் கேமரா ஏறத்தாழ 70 டிகிரி அகலத்துக்குக் காட்சியைப் பார்த்து, அதை 4000 பிக்சல் அகலப் படமாக்குகிறது. கை ஒரே ஒரு டிகிரி திரும்பினால், படத்தின் நடுப்பகுதி சுமார் 50 பிக்சல் தள்ளிப்போகும். 1920 பிக்சல் அகல வீடியோவாகச் சுருக்கினாலும் அது 24 பிக்சல் துள்ளல். ஒரு டிகிரி திரும்பியதை எடுப்பவரால் உணரவே முடியாது. படத்தைப் பார்ப்பவரோ ஒவ்வொரு துள்ளலையும் உணர்வார்.

இதைச் சரிசெய்யப் பலரும் நாடுவது ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள் நூலகத்தை. 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய இந்தத் திட்டம், இன்று படங்களைக் கணினியால் ஆராயும் எவருக்கும் பழக்கமான கருவி. இதைக்கொண்டு 200 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி திருப்பி, சாய்த்து, நகர்த்திவிடலாம். எந்த அசைவைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு இதில் இறங்குவது நல்லது.

போன் இருந்த இடத்திலேயே இருந்து, கொஞ்சம் திரும்பியோ சாய்ந்தோ போயிருந்தால் கவலையே இல்லை. அப்போது கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே நகரும். மூன்றுக்கு மூன்று எண்கள் கொண்ட ஒரே கட்டத்தால் படம் முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஹோமோகிராஃபி என்று அந்தக் கட்டத்துக்குப் பெயர்.

எடுப்பவர் நின்ற இடமே மாறிவிட்டால் கதை வேறு. மாடிக்கு 5 மீட்டரில் ஒரு முருங்கை மரம், 15 மீட்டரில் புது வீடு, 100 மீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவர் பக்கவாட்டில் ஓரடி தள்ளி நின்று எடுத்தால், படத்தில் மரம் ஏறக்குறைய 170 பிக்சல் நகரும்; வீடு 60 பிக்சலை ஒட்டி நகரும்; தொட்டி 10 பிக்சல்கூட நகராது. வீட்டைப் பொருத்தினால் மரம் 110 பிக்சலுக்கு மேல் விலகி நிற்கும். தொட்டியைப் பொருத்தினால் வீடு துள்ளும். மூன்றையும் ஒருசேர இருத்தும் ஒற்றைக் கட்டம் கணிதத்திலேயே கிடையாது. அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, தினமும் போனின் விளிம்பை அந்தக் கோட்டில் வைத்து எடுப்பது எந்த மென்பொருளாலும் தர முடியாத உதவி. நின்ற இடம் உறுதியானால், கையின் ஆட்டத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி கடற்கரைகளில் 2017இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப் திட்டம் இதை அப்படியே செயலில் காட்டுகிறது. கடற்கரை எவ்வளவு அரிக்கப்படுகிறது, மணல் எப்போது திரும்பி வருகிறது என்று கண்காணிக்க, அங்கே போகிற வருகிற மக்களே படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கை. ஆனால் போனை வைக்க ஓர் உலோகத் தாங்கி அங்கே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கேமரா நிற்கும் இடத்தைத் தாங்கி உறுதிசெய்துவிடுவதால், போனுக்குப் போன் மாறும் பார்வை அகலத்தையும் சிறு சாய்வையும் பின்னால் கணக்கிட்டுச் சரிசெய்ய முடிகிறது.

தாங்கி இல்லாதபோது என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இணையத்தில் பொதுவில் கிடந்த 8 கோடியே 60 லட்சம் படங்களிலிருந்து டைம்லேப்ஸ்கள் உருவாக்கினார்கள். நார்வேயின் பிரிக்ஸ்டால் பனியாறு ஆண்டுக்காண்டு பின்வாங்குவது அவற்றில் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் ஆளுக்கொரு இடத்தில் நின்று எடுத்த படங்கள் அவை. அவற்றைப் பொருத்த ஒற்றைக் கட்டம் போதவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முப்பரிமாண அமைப்பையே கணக்கிட வேண்டியிருந்தது. மொட்டை மாடிக்காரருக்கு அந்தப் பாடு தேவையில்லை. ஒரு பெயின்ட் கோடு போதும்.

இனி கணினி செய்யும் வேலைக்கு வருவோம். இருநூறில் தெளிவான ஒன்றை அடிப்படைப் படமாக எடுத்துக்கொள்கிறோம். அதிலும் மற்ற ஒவ்வொரு படத்திலும், எளிதில் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைக் கணினி தேடுகிறது: ஜன்னல் மூலை, மின்கம்பத்தின் முனை, சுவரின் கறை. இந்தத் தேடலுக்கு டேவிட் லோ என்ற கனடா பேராசிரியர் உருவாக்கிய சிஃப்ட் முறை இன்றும் நம்பகமானது. வெயில் நாளுக்கும் மேகமூட்டமான நாளுக்கும் இடையே வெளிச்சம் மாறினாலும் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதன் காப்புரிமை 2020இல் முடிந்தபின், ஓப்பன்சிவியின் முதன்மைத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது.

ஒரு படத்தின் புள்ளிக்கு மற்ற படத்தில் இணை தேடும்போது தவறான இணைகள் நிறைய வரும். ஒரே மாதிரி நான்கு ஜன்னல் இருந்தால் கணினி குழம்பத்தானே செய்யும்? அதனால் முதல் இணையும் இரண்டாவது இணையும் கிட்டத்தட்ட சமமாக ஒத்திருந்தால், அந்தப் புள்ளியையே தள்ளிவிடுகிறோம். மிஞ்சியவற்றிலும் பொய் இருக்கும். அங்கே உதவுவது 1981இல் ஃபிஷ்லரும் போல்ஸும் வெளியிட்ட ரான்சாக் முறை. பஞ்சாயத்தில் சாட்சிகளை விசாரிப்பது போல, குருட்டுவாக்கில் நான்கு இணைகளை எடுத்து, அவை சொல்லும் நகர்வை எத்தனை பேர் ஆமோதிக்கிறார்கள் என்று எண்ணுகிறது. இப்படிப் பலமுறை செய்து, அதிக ஆதரவு பெற்ற கணக்கை ஏற்று, ஒத்துவராத இணைகளை ஒதுக்கிவிடுகிறது.

பைத்தானில் அதன் மையப்பகுதி இவ்வளவுதான்:

```python
sift = cv2.SIFT_create(5000)
k1, d1 = sift.detectAndCompute(ref_gray, mask)
k2, d2 = sift.detectAndCompute(img_gray, None)
m = cv2.BFMatcher().knnMatch(d2, d1, k=2)
good = [a for a, b in m if a.distance < 0.75 * b.distance]
src = np.float32([k2[a.queryIdx].pt for a in good])
dst = np.float32([k1[a.trainIdx].pt for a in good])
H, ok = cv2.findHomography(src, dst, cv2.RANSAC, 4.0)
out = cv2.warpPerspective(img, H, (w, h))
```

கடைசிக்கு முந்தைய வரியில் உள்ள 4.0, எத்தனை பிக்சல் விலகல் வரை ஒரு புள்ளியை ஏற்கலாம் என்பதற்கான வரம்பு. இரண்டாவது வரியில் வரும் `mask` என்பதற்குத்தான் இந்த வீட்டு விஷயத்தில் அதிக வேலை. காட்சியில் மாறிக்கொண்டே இருப்பது வீடு. அதன் புள்ளிகளைக் கணினி நம்பினால், நேற்று பாதியில் நின்ற செங்கல் வரிசையின் விளிம்பை இன்றைய விளிம்போடு இணைக்கப் பார்க்கும். எனவே கட்டடம் எழும் பகுதியையும், வானத்தையும், மரத்தையும், தெருவில் வண்டி நிற்கும் இடத்தையும் கறுப்பாக மறைத்த ஒரு படத்தை `mask` ஆகக் கொடுக்கிறோம். வெள்ளையாக விட்ட இடங்களில் மட்டுமே அடிப்படைப் படத்தின் புள்ளிகள் எடுக்கப்படும்.

எதை வெள்ளையாக விடுவது என்பதில் கவனம் வேண்டும். அசையாதது என்பதற்காகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் நம்பினால், போன் கோட்டிலிருந்து சற்று விலகிய நாளில் தொட்டி சிலையாக நிற்கும், வீடு குதிக்கும். புது வீட்டின் அதே தூரத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுச் சுவரும் மின்கம்பமும்தான் சரியான பிடிமானம். பிடிமானம் படத்தின் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் பரவியிருக்கவும் வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் குவிந்தால், அந்த மூலை பொருந்திவிடும். எதிர்மூலை ரப்பர் போல இழுபடும். புள்ளிகள் குறைவாகக் கிடைக்கும் நாளில் ஹோமோகிராஃபியை விட்டுவிட்டு `estimateAffinePartial2D` பக்கம் போவது பாதுகாப்பு. அது நகர்த்தும், சுழற்றும், ஒரே சீராகப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். அதற்குமேல் படத்தைக் கோணலாக்க அதற்கு வழியில்லை.

மாதங்கள் செல்லச் செல்ல, முதல் நாள் படத்துக்கும் கடைசி நாள் படத்துக்கும் ஒற்றுமை குறையும். ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய நாள் படத்தோடு பொருத்திக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அதில் ஒவ்வொரு நாளும் அரை பிக்சல் பிழை ஒரே பக்கமாக விழுந்தால், 200 படத்தில் காட்சி 100 பிக்சல் வழுக்கிப் போயிருக்கும். மாதத்துக்கு ஒரு படத்தை எடுத்து, அந்த ஆறேழை மட்டும் முதலில் தமக்குள் கண்ணால் சரிபார்த்துப் பொருத்தி, மற்றவற்றை அந்தந்த மாதப் படத்தோடு பொருத்துவது மேல். அப்போதும் இரண்டு கட்டங்களையும் பெருக்கி, மூலப் படத்தை ஒரே ஒரு முறை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றிய படத்தைத் திரும்ப மாற்றினால் கூர்மை குறையும்.

பொருத்தம் கைகூடியதா என்று அறிய முதல் அடையாளம், ரான்சாக் ஏற்றுக்கொண்ட புள்ளிகளின் எண்ணிக்கை. நூற்றுக்கணக்கில் இருந்தால் நிம்மதி. பத்துப் பதினைந்து என்றால் அந்த நாளின் படத்தைத் தனியே திறந்து பார்த்துவிட வேண்டும். மழைத்துளி, பனிமூட்டம், போன் தானாகவே அகலக் கோணக் கேமராவுக்கு மாறியது என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். இரண்டாவது சோதனை இன்னும் நம்பகமானது. பொருத்திய 200 படங்களையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே படமாக்கிப் பார்க்க வேண்டும். வீடு ஆவி போல மங்கலாகத் தெரிவது இயல்பு. மின்கம்பமும் பக்கத்துச் சுவரும் கூர்மையாக இருந்தால் வேலை முடிந்தது. கம்பம் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கூட்டம் படங்கள் வேறிடத்தில் அமர்ந்திருக்கின்றன என்று பொருள். கம்பம் கூர்மையாகவும் படத்தின் ஓரம் மட்டும் மங்கலாகவும் இருந்தால், பிடிமானப் புள்ளிகள் நடுவிலேயே குவிந்துவிட்டன.

மிஞ்சுவது ஓரங்கள். திருப்பிய படங்களின் விளிம்பில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் கறுப்புப் பட்டை வரும். எல்லாப் படங்களிலும் கறுப்பு விழாத செவ்வகத்தைக் கண்டுபிடித்து, அனைத்தையும் அதே அளவில் வெட்ட வேண்டும். கையாட்டம் இரண்டு டிகிரிக்குள் இருந்தால் பக்கத்துக்கு 150 பிக்சலை ஒட்டித்தான் இழப்பு. 4000இல் 3700 பிக்சல் தங்கும். ஐந்து டிகிரி ஆடியிருந்தால் பக்கத்துக்கு 350 பிக்சல் போய்விடும். ஆகவே முதல் நாளே வீட்டைச் சுற்றி தாராளமாக இடம்விட்டு எடுப்பது நல்லது. மொட்டை மாடியின் மேல் இன்னொரு தளம் எழும்பக்கூடும் என்றால் மேலேயும் அதே தாராளம் வேண்டும்.