பிரியாணிக்குப் பிறகு வந்த ‘கேஸ்’

ஞாயிறு மதியம் மட்டன் பிரியாணி. மூன்று மணிக்கெல்லாம் அந்த நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்துக்கொண்டது. சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார், ஏப்பமும் விட்டார். வலி அசையவில்லை. முதுகில் வலது தோள்பட்டை எலும்பு வரை போனது, ஒருமுறை வாந்தி. ஏழு மணிக்கு, வந்த சுவடு தெரியாமல் அடங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் ‘கேஸ்தான்’ என்றார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாண விருந்து முடிந்த இரவிலும் இதேதான் நடந்திருந்தது.

மருத்துவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது அந்த நான்கு மணி நேரம். வாயுத் தொல்லை புரண்டு புரண்டு வரும், ஏப்பம் விட்டால் குறையும். பித்தப்பை வலி ஏறி ஒரே அளவில் நிற்கும். அரை மணியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வரை நீடிக்கும். நடந்தாலும் படுத்தாலும் மாறாது. சிலருக்கு நெஞ்சுக்குழியில் வருவதால், முதலில் ஈ.சி.ஜி. எடுத்து இதயத்தைப் பார்த்துவிடுவதும் வழக்கம்.

கொழுப்புக்கும் இதற்கும் என்ன உறவு? ஈரல் சுரக்கும் பித்தநீரைப் பித்தப்பை சேர்த்து வைத்திருக்கிறது. கொழுப்பு சிறுகுடலுக்குள் நுழைந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து, பையைச் சுருங்கச் சொல்கிறது. உள்ளே கல் இருந்தால் அது வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த வாசலை எதிர்த்துப் பை அழுத்துவதுதான் வலி. கல் பின்னால் உருண்டு விழுந்தால் வலி நிற்கும். ஆனால், எண்ணெய்ப் பலகாரம் தின்றால் வயிறு உப்புசமாகிறது என்பது மட்டும் பித்தப்பைக்குச் சாட்சி ஆகாது.

மருத்துவர் வலது விலா விளிம்புக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். பித்தப்பை அழன்றிருந்தால், விரலில் அது இடிக்கும்போது மூச்சு பாதியில் நின்றுவிடும். சிகாகோ அறுவை மருத்துவர் ஜான் மர்ஃபியின் பெயரால் வழங்கும் சோதனை இது. இந்தப் பெண்ணுக்கு மூச்சு நிற்கவில்லை. வலி ஓய்ந்த நாளில் அப்படித்தான் இருக்கும். அதனால் கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஸ்கேன். சாப்பிட்டுப் போனால் பை சுருங்கி, உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. திரையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பின்னும் கருநிழல். இடப்பக்கம் திரும்பிப் படுத்ததும் அவை உருண்டன. ஒட்டிக்கொண்டிருக்கும் சதைக்கட்டி அப்படி உருளாது.

கல் பலருக்கு வலியே தராமல் கிடக்கும். அதற்கெல்லாம் கத்தி எடுப்பதில்லை. இவருக்கு வலியின் கதையும் கல்லும் பொருந்தியதால், பித்தப்பையை எடுக்க நாள் குறித்தார்கள். அதற்குள் வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ நடுராத்திரியானாலும் வந்துவிடச் சொல்லி அனுப்பினார்கள்.