நின்ற பிறகு ஒரு நிமிடம்

டிரெட்மில் சோதனைக்குப் போனவர்களுக்கு அந்த அறை பழக்கமாக இருக்கும். நெஞ்சில் பத்து இடங்களில் மின்முனைகளை ஒட்டி, பெல்ட்டின் மேல் ஏற்றிவிடுவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கி.மீ. வேகமும் 10 சதவீத ஏற்றமும் இருக்கும். மூன்றாம் கட்டத்தில் அது 5.5 கி.மீ. வேகமாகவும் 14 சதவீத ஏற்றமாகவும் ஆகிவிடும். மூச்சு வாங்கும், கெண்டைக்கால் இழுக்கும். முடியவில்லை என்று கையைக் காட்டியதும் பெல்ட்டை மெதுவாக்குவார்கள். வந்த வேலை முடிந்தது என்று நினைத்து, துண்டை எடுத்து முகம் துடைப்போம்.

அந்த நேரத்திலும் ஈ.சி.ஜி. தாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த 60 வினாடிகளில் துடிப்பு எத்தனை இறங்குகிறது என்பது, ஏறும்போது எடுத்த ஈ.சி.ஜி. சொல்லாத ஒரு சேதியையும் சொல்லக்கூடும்.

இதயத்துடிப்பைப் பற்றிப் பேசும்போது மூன்று எண்கள் அடிபடும்: சும்மா இருக்கும்போது உள்ள துடிப்பு, உழைப்பின் உச்சத்தில் தொடும் துடிப்பு, நிறுத்திய பிறகு இறங்கும் அளவு. முதலாவதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்ப் படங்களிலும் கைக்கடிகாரங்களிலும் இடம்பிடித்துவிட்டது. மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. மூன்றையும் ஆட்டிவைப்பது ஒரே நரம்பு ஏற்பாடு என்பதால், அதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

நரம்புகளின் கட்டளை எதுவும் இல்லாமல் விட்டுவிட்டால், இளம் வயதினரின் இதயம் தன்னிச்சையாக நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும். வயது கூடக்கூட அந்த இயல்பு வேகம் குறைந்துகொண்டே வரும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் 70 சொச்சம்தான் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இறங்கிவரும் வேகஸ் நரம்பு, ஓய்வு நேரம் முழுவதும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். இதய மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இது கண்கூடாகத் தெரியும். புதிய இதயத்துக்கு அந்த நரம்பு இணைப்பு கிடையாது. அதனால் அவர்களுக்கு ஓய்விலேயே துடிப்பு 90, 100 என்று நிற்கும்.

நடக்கத் தொடங்கியதும் மூளை முதலில் செய்வது கடிவாளத்தைத் தளர்த்துவதுதான். துடிப்பு 100-ஐ நெருங்கும்வரை பெரும்பாலும் இதுவே போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பரிவு நரம்புகளும், இரத்தத்தில் கலக்கும் அட்ரினலினும் கைகொடுக்கின்றன. உழைப்பை நிறுத்தியதும் இது தலைகீழாக நடக்கிறது. அட்ரினலின் உடனே வடிந்துவிடாது, நிமிடக் கணக்கில் நேரம் எடுக்கும். வேகஸ் நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலினோ ஒன்றிரண்டு துடிப்புக்குள் வேலையைக் காட்டிவிடும். எனவே நிறுத்திய முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் துடிப்பு சரசரவென்று இறங்கினால், அதில் பெரும்பங்கு வேகஸ் நரம்பினுடையது. 1994-ல் ஜப்பானிய ஆய்வாளர் இமாயும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வேகஸின் செயலைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தபோது, அந்த முதல் கட்ட இறக்கம் மழுங்கிப்போனது. விளையாட்டு வீரர்களிடம் இறக்கம் வேகமாகவும், இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் மந்தமாகவும் இருந்தது.

இந்த எண்ணுக்கு மருத்துவ உலகில் மதிப்பு தேடித்தந்தது 1999-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் வெளியிட்ட ஆய்வு. டிரெட்மில் சோதனைக்கு வந்த 2,428 பேரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஓட்டம் முடிந்ததும் அவர்களைப் படுக்கவைக்கவில்லை. மெதுவாக நடக்கவிட்டு, ஒரு நிமிடம் ஆனதும் துடிப்பைக் குறித்தார்கள். சரிபாதிப் பேருக்கு இறக்கம் 17 அல்லது அதற்கு மேல். 12 அல்லது அதற்குக் குறைவாக இறங்கியவர்களை அசாதாரணம் என்று பிரித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தப் பிரிவில் வந்தார். ஆறு ஆண்டுகளில் இவர்களில் 19 சதவீதத்தினர் இறந்துபோயிருந்தார்கள், மற்றவர்களில் 5 சதவீதத்தினர். வயது, நோய், மருந்து, உடற்திறன் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் ஆபத்து இரு மடங்காக இருந்தது.

இதை நம் ஊர்ச் சோதனைத் தாளில் பொருத்திப் பார்ப்போம். 52 வயது அலுவலர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எதுவும் எடுக்காதவர். ஓய்வில் துடிப்பு 78. மூன்றாம் கட்டத்தில் எட்டரை நிமிடத்தில் நிறுத்தச் சொல்கிறார். அப்போது துடிப்பு 158. ஈ.சி.ஜி.யில் மாற்றம் இல்லை, நெஞ்சுவலி இல்லை. மெதுநடையில் ஒரு நிமிடம் கழித்து 147.

220-லிருந்து வயதைக் கழித்தால் அவருடைய எதிர்பார்ப்பு உச்சம் 168. சோதனை செல்லுபடியாக அதில் 85 சதவீதமாவது, அதாவது 143 தொட வேண்டும் என்பது வழக்கம். அவர் அதைத் தாண்டிவிட்டார். ஓய்விலிருந்து அவர் ஏறக்கூடிய தூரம் 90 துடிப்பு, ஏறியது 80. அதுவும் நல்ல கணக்கே. தாளின் கடைசியில் ‘நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 158-லிருந்து 147-க்கு இறக்கம் 11. அது 12-க்குள் அடங்குகிறது.

இதனால் அவருக்கு இதயநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு இருக்கிறதா என்பதை இந்த எண் காட்டாது. கூட்டமாகப் பார்க்கும்போது இப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதைத்தான் அது சொல்கிறது. அவருடைய இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், நடைப்பழக்கம் ஆகியவற்றை மருத்துவர் இன்னொரு முறை கூர்ந்து பார்க்க இது போதுமான காரணம். நீண்டகாலச் சர்க்கரைநோயில் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் பழுதாவது உண்டு. அப்போது ஓய்வுத் துடிப்பு கூடும், இறக்கமும் மந்தமாகும். சர்க்கரைநோய் இவ்வளவு பரவியிருக்கும் நம் ஊரில் இதைக் கவனிக்காமல் விடுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

இந்த எண்ணைப் பார்க்கும்போது தவறு நேரும் இடங்களும் உண்டு. பல ஆய்வகங்களில் பெல்ட்டை நிறுத்திய கையோடு நோயாளியைப் படுக்கவைத்துவிடுகிறார்கள். படுத்தால் துடிப்பு இன்னும் வேகமாக இறங்கும். அங்கே 12 அல்ல, 18-தான் எல்லைக்கோடு. நடந்தாரா, படுத்தாரா என்று தாளில் இல்லாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மூன்று எண்களுமே மாறிப்போகும். ஏட்ரியத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. விரலால் நாடி பிடித்து வீட்டில் பார்க்கலாமா என்றால், பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினாலே விடையில் ஆறு மாறிவிடும். 12-ஐ எல்லையாகக் கொண்ட கணக்கில் ஆறு மிகப் பெரிய பிழை. மணிக்கட்டுக் கடிகாரமும் துடிப்பு சட்டென்று மாறும்போது பின்தங்கக்கூடும். நெஞ்சில் கட்டும் பட்டையை ஓரளவு நம்பலாம்.

உச்சத் துடிப்பைப் பற்றி மக்களிடம் இருக்கும் நம்பிக்கைதான் மிகவும் தவறானது. 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம், 1971-ல் ஃபாக்ஸ், ஹாஸ்கல் முதலியோர் வெளியிட்ட கட்டுரையோடு பரவியது. அது தனியொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல. 2001-ல் தனாகா குழுவினர் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கலாம் என்று திருத்தினார்கள். அதிலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் போவது சாதாரணம். 40 வயதில் இரண்டு சூத்திரங்களும் 180 என்றே சொல்லும். நிஜத்தில் ஒருவருக்கு 165-லேயே உச்சம் வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் 195 தொடுவார். இருவரில் யார் உடல்வலு உள்ளவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சியால் உச்சத் துடிப்பு கூடுவதும் இல்லை. கடிகாரம் காட்டும் எல்லையைத் தொட்டே தீருவேன் என்று ஓடுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

ஆனால் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத துடிப்பு வேறு விஷயம். பாரிஸில் வேலையில் இருந்த 5,713 நடுவயது ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. இதயநோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். சைக்கிள் சோதனையில் ஓய்விலிருந்து 89-க்கும் குறைவாக மட்டுமே துடிப்பு ஏறியவர்களுக்கு, திடீர் மாரடைப்பு மரணத்தின் ஆபத்து ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. ஓய்வுத் துடிப்பு 75-க்கு மேல் இருந்தவர்களுக்கு நான்கு மடங்கு. ஒரு நிமிடத்தில் 25-க்கும் குறைவாக இறங்கியவர்களுக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இங்கே எல்லை 12 அல்ல, 25 என்பதைக் கவனியுங்கள். ஆட்களும் சோதனை முறையும் மாறினால் எல்லையும் மாறும்.

ஓய்வுத் துடிப்புக்கு வருவோம். சும்மா இருக்கும்போது உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் தேவை. ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளும் இதயம் எழுபது தடவை அடிக்க வேண்டும்; பயிற்சியால் விரிந்து 100 மில்லி தள்ளும் இதயத்துக்கு ஐம்பது போதும். தினமும் ஓடுபவருக்கு 50 இருந்தால் பயப்படத் தேவையில்லை. பயிற்சியே இல்லாதவருக்கு 45 இருந்து, கூடவே தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். மறுபக்கம், 60 முதல் 100 வரை இயல்பு என்று பாடநூல் சொன்னாலும், வழக்கமாக 68 இருந்தவருக்கு வாரக்கணக்கில் 85 நின்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கமின்மை எல்லாமே துடிப்பை ஏற்றிவிடும். காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பு, ஒரு முழு நிமிடம் எண்ணினால் போதும். இந்த ஒன்றை மட்டும் கருவி எதுவும் இல்லாமல் நம்பிக்கையாக அளக்கலாம்.

இறக்கத்தை மாற்ற முடியுமா என்றால், முடியும். இதயநோய் மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் கணிசமானோருக்கு 12-க்குக் கீழிருந்த இறக்கம் சில மாதங்களில் மேலே வந்திருக்கிறது. பயிற்சியில் சீரான நடையும் மிதிவண்டியும்தான் பெரும்பங்கு. ஆனாலும் அந்த எண் மேலே வந்ததால்தான் ஆயுள் கூடுகிறதா, உடல் மொத்தமாகத் தேறியதற்கு அது ஒரு அடையாளம் மட்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இந்த இறக்கத்தைக் கூட்டுவதற்கென்றே யாரும் மாத்திரை எழுதித் தருவதும் இல்லை.

வீட்டிலிருக்கும் பழைய டி.எம்.டி. தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உச்சத்துக்கு அடுத்ததாக ‘ரெக்கவரி’ என்ற வரிசை இருக்கும். அதில் ஒரு நிமிடத்துக்கு எதிரே உள்ள துடிப்பை உச்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அப்போது நடந்தீர்களா, படுத்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.