கண்ணாடிக் கடையில் தெரியாத குறை

கண் சோதனைச் சீட்டில் 'ஆறுக்கு ஆறு' என்று எழுதியிருந்தால் பார்வையில் பழுதில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எதிரே மாட்டியிருக்கும் அட்டையில் நேராகப் பார்க்கும் எழுத்துகளைப் படிக்க முடிகிறது என்பது மட்டுமே அதன் பொருள். அட்டைக்கு இடமும் வலமும் என்ன தெரிகிறது என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் கட்டி முதலில் கை வைப்பது பெரும்பாலும் அந்தப் பக்கப் பார்வையில்தான்.

மருத்துவர்களுக்குப் பழக்கமான ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 45, சரக்கு வேன் ஓட்டுகிறார். எட்டு மாதமாக நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் மந்தமான வலி. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் கொஞ்சம் அடங்கும், மறுநாள் திரும்ப வரும். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. கண்ணாடிக் கடையில் பவர்கூட மாறவில்லை. ஆனால் வேனின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் அடிக்கடி எதிலாவது உரசுகின்றன. நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்கிறார். மனைவி பக்கத்தில் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடுகிறது. "ஏங்க, பாத்து வைக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டால், "தூக்கம் பத்தலை" என்று பதில் வரும். தாம்பத்திய ஆசை குறைந்து இரண்டு வருடம் ஆகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, வயசு என்று விட்டுவிட்டார்.

மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு எலும்புக் குழியில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி. எடை சுமார் அரை கிராம். தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் மூன்றும் இதன் உத்தரவுக்குத்தான் வேலை செய்கின்றன. கீழேயும் பக்கங்களிலும் இடம் குறைவு என்பதால், இதில் கட்டி வளர்ந்தால் அது மேல்நோக்கி எழும். மேலே சுமார் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் மூக்கை ஒட்டிய பாதி விழித்திரையின் இழைகள் அந்த இடத்தில் எதிர்ப்பக்கம் தாவுகின்றன. மூக்கை ஒட்டிய பாதி பார்ப்பது வெளிப்பக்கத்தை. ஆகவே கட்டி அடியிலிருந்து முட்டும்போது வலக்கண்ணுக்கு வலப்பக்கமும் இடக்கண்ணுக்கு இடப்பக்கமும் மங்கும். பெரும்பாலும் மேல் ஓரத்தில்தான் தொடங்கும்.

இது ஏன் நோயாளிக்கே தெரிவதில்லை? இரு கண்ணும் திறந்திருக்கும்போது வலக்கண் இழந்த பக்கத்தின் பெரும்பகுதியை இடக்கண் பார்த்துவிடுகிறது, இடக்கண்ணுக்கு வலக்கண் அதே உதவியைச் செய்கிறது. இரு ஓரத்திலும் கடைசிக் கீற்று மட்டும்தான் முழுதாகக் காணாமல் போகும். அதை இருட்டாகவோ திரையாகவோ மூளை காட்டுவதில்லை, அங்கே ஒன்றுமே இல்லாதது போல விட்டுவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. ஊசியில் நூல் கோக்கும்போது கண்கள் இரண்டும் ஊசிமுனையில் குவிகின்றன. அந்த முனைக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதி இரு கண்களுக்குமே குருட்டுப் பக்கத்தில் விழும். எழுத்து நன்றாகத் தெரியும் ஒருவருக்கு ஊசி கோப்பதும் நகம் வெட்டுவதும் திடீரென்று கடினமானால், கண் மருத்துவர் அதைக் காதுகொடுத்துக் கேட்பார்.

ஆகவே சோதனையை ஒவ்வொரு கண்ணாகத்தான் செய்ய வேண்டும். மருத்துவர் ஒரு கை நீளத்தில் எதிரே உட்கார்ந்து, நோயாளியின் ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் மூக்கையே பார்க்கச் சொல்வார். பிறகு விரல்களை ஓரத்திலிருந்து ஆட்டியபடி உள்ளே கொண்டுவருவார். விரல் அசைவு தெரிந்தும் சந்தேகம் இருந்தால் சிவப்பு நிறப் பொருள் ஒன்றைக் காட்டுவார். கட்டி அழுத்தும் கண்ணில், வெளிப்பக்கம் பழுப்பாகவோ வெளிறியோ தெரிந்த சிவப்பு, மூக்குக்கு நேரான செங்குத்துக் கோட்டைத் தாண்டியதும் பளிச்சென்று சிவக்கும். நிறம்தான் முதலில் போகிறது என்பதால், விரல் சோதனை தவறவிட்டதை இது பிடித்துவிடுவது உண்டு. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதனாலேயே நெருக்கடியான வெளிநோயாளர் பிரிவில் இது விடுபட்டும் போகிறது.

சந்தேகம் வந்தபின் செய்வது பார்வைப்புலச் சோதனை. அரைக்கோளக் கருவிக்குள் பார்த்தபடி, ஓரங்களில் ஒளிப்புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சாகி வரும் படத்தில் கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதுதான் சேதி. க்ளாக்கோமாவில் பார்வை இழப்பு பெரும்பாலும் கிடைக்கோட்டை மதித்து வளைவாக வரும். பிட்யூட்டரிக் கட்டியில் செங்குத்துக் கோட்டில் சட்டென்று நிற்கும், இரு கண்ணிலும் வெளிப்பக்கமாக. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஆண்டுக்கணக்கில் க்ளாக்கோமா சொட்டு மருந்து போட்டுக்கொண்டவர்கள் உண்டு. நம் ஓட்டுநரின் படம் அந்தச் செங்குத்து வகையாக வந்தது, ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் தலைவலி வந்த எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று தோன்றும். பிட்யூட்டரிக் கட்டிக்கென்று தனி அடையாளம் உள்ள தலைவலி கிடையாது. ஒற்றைத் தலைவலி போலவும் வரும், மந்தமாகவும் வரும், சிறிய கட்டி அதிகமாக வலிப்பதும் பெரிய கட்டி வலிக்காமலேயே இருப்பதும் உண்டு. இன்னொரு பக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாத பத்தில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.-யில் பிட்யூட்டரிக்குள் ஒரு சிறு புள்ளி தென்படும், அது பெரும்பாலும் எதுவும் செய்யாது. சாதாரணத் தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் அந்தப் புள்ளி தெரிந்து, அதன் பின்னாலேயே ஓடித் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. மருத்துவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது தலைவலியோடு சேர்ந்து வரும் இன்னொன்று: பக்கப் பார்வை, காரணமின்றி நின்றுபோன மாதவிடாய், குழந்தை பெறாமலே சுரக்கும் பால், ஆசைக் குறைவு, மோதிரமும் செருப்பும் பிடிக்காமல் போவது, விளங்காத சோர்வோடு ரத்தத்தில் சோடியம் இறங்குவது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் விசாரணை தொடங்கிவிடுகிறது. ஆண்கள் ஆசைக் குறைவைச் சொல்லாமல் வைத்திருப்பதால் அவர்களுடைய கட்டி பெரிதான பிறகே பிடிபடுகிறது.

ஸ்கேன் சீட்டில் 'தலை' என்று மட்டும் இருந்தால் போதாது. பிட்யூட்டரிக்கென்று, மெல்லிய படலங்களாக, நரம்பில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். அவசரத்துக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் 'இயல்பு' என்று வந்தாலும் சிறிய கட்டி அதில் ஒளிந்திருக்க முடியும். நம்மவர் கட்டிக்கு அந்தக் கஷ்டமில்லை, 38 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டரிலிருந்தே பெரிய கட்டி என்பது கணக்கு.

இந்த இடத்தில்தான் ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டியாக இருந்தால் கத்தியே வேண்டாம், பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும். வேறு வகைக் கட்டி நரம்பை முட்டினால் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை. ஓட்டுநரின் புரோலாக்டின் அளவு 88 வந்தது. ஆண்களில் ஏறக்குறைய 20 வரை இயல்பு. புரோலாக்டின் சுரக்காத கட்டியும் சுரப்பியின் காம்பை அழுத்தி இந்த அளவைச் சற்று ஏற்றிவிடும், ஆனால் அது நூறைத் தாண்டுவது அரிது. ஆகவே 88-ஐப் பார்த்தவர் 'சுரக்காத கட்டி, ஆபரேஷன்தான்' என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நாளமில்லாச் சுரப்பி நிபுணருக்கு அந்த எண் உறுத்தும். ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் கட்டிக்கு 88 மிகவும் குறைவு. ஆய்வகம் இந்த ஹார்மோனை இரண்டு எதிர்ப்புரதங்களுக்கு நடுவில் பிடித்துத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் அளவுக்கு மீறிக் கொட்டிக்கிடந்தால், இரு எதிர்ப்புரதங்களும் தனித்தனியாகவே நிறைந்துவிடும், நடுவில் சேர்ந்து பிடிபட ஒன்றும் மிஞ்சாது. கருவி பொய்யாகக் குறைந்த எண்ணைத் தரும். அதே ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொன்னார் நிபுணர். இந்தமுறை 9,400. இருநூறுக்கு மேல் போனாலே புரோலாக்டின் கட்டி என்ற சந்தேகம் வலுக்கும், இங்கே கேள்விக்கே இடமில்லை. இன்றைய கருவிகள் பலவற்றில் இந்தக் கோளாறு குறைந்திருந்தாலும், பெரிய கட்டிக்குச் சிறிய எண் வந்தால் நீர்த்துப் பார்க்கச் சொல்வது இன்றும் வழக்கம்.

எதிர்த்திசைத் தவறும் நடக்கும். டோம்பெரிடோன் போன்ற வாந்தி மருந்துகளும் சில மனநல மருந்துகளும் புரோலாக்டினை ஏற்றும், கர்ப்பமும் ஏற்றும். தைராய்டு சுரப்பியே தூங்கிப்போன சிலருக்கு, அதைத் தட்டியெழுப்ப முயன்று பிட்யூட்டரி வீங்கிவிடும், ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். தைராக்சின் மாத்திரையில் வற்றுகிற வீக்கம் அது.

மீதி ஹார்மோன்களையும் உடனே பார்த்தாக வேண்டும். காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அட்ரினலுக்கு உத்தரவு போகவில்லை என்று பொருள். தைராய்டில் டி.எஸ்.எச். மட்டும் பார்ப்பது இங்கே ஏமாற்றும். உத்தரவு போடும் சுரப்பியே பழுதானதால் அந்த எண் இயல்பாகவே தெரியும், ஆனால் ஃப்ரீ டி4 இறங்கியிருக்கும். இரண்டும் குறைவு என்றால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்சின். வரிசை மாறினால் நோயாளி ரத்த அழுத்தம் சரிந்து விழ நேரலாம்.

ஓட்டுநருக்கு காபர்கோலின் கால் மில்லிகிராம், வாரம் இரண்டு முறை என்று தொடங்கினார்கள், பின் மெல்ல ஏற்றினார்கள். குமட்டலும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் வரலாம் என்பதால் இரவில் சாப்பாட்டோடு போடுவது நல்லது. சிலருக்குச் சூதாட்டம், செலவு போன்ற அடக்க முடியாத இழுப்பும் வருவதுண்டு என்று வீட்டாரிடமும் சொல்லி வைக்கிறார்கள். மூக்கிலிருந்து நீர் போலச் சொட்டினால் ஜலதோஷம் என்று விடக்கூடாது. கட்டி சுருங்கியதில் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியக்கூடும். சில வாரங்களில் மறுபடி பார்வைப்புலச் சோதனை எடுத்தபோது கறுப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. அப்படித் தேறாமல் போயிருந்தால் அறுவை சிகிச்சையைப் பேசியிருப்பார்கள். அதுவரை வேன் ஓட்ட வேண்டாம் என்ற உத்தரவுதான் அவருக்குக் கசந்தது.

இவ்வளவு பொறுமைக்கு இடமில்லாத ஒரு நிலையும் உண்டு. கட்டிக்குள் திடீரென ரத்தக் கசிவு ஏற்பட்டால் வாழ்நாளில் காணாத தலைவலி, வாந்தி, ஒரு இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல் எல்லாம் சில மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கு ஓடவேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அங்கே பிட்யூட்டரிக் கட்டி இருப்பதைச் சொல்லிவிட்டால், ஸ்கேனுக்குக் காத்திருக்காமலே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுவிடுவார்கள்.