ஷோரீலோடு ஒரு குறிப்பும் அனுப்புங்கள்

நான்கைந்து பேர் மட்டுமே வேலை பார்க்கும் சின்ன வீடியோ தயாரிப்பு நிறுவனத்தில் எடிட்டரின் வேலை, காட்சிகளைத் தொகுப்பதோடு முடிவதில்லை. கேமரா கார்டில் இருப்பதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்துவது, தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு சிங்க் செய்வது, சப்டைட்டில் போடுவது, இன்ஸ்டாகிராமுக்கு நெட்டுவாக்கில் ஒரு பிரதி எடுப்பது எல்லாம் அவர் பொறுப்புதான். அதனால் விண்ணப்பக் கடிதத்தில் 'ஆர்வமும் படைப்பாற்றலும் உள்ளவன்' என்று எழுதுவதைவிட, இவற்றில் எதையெல்லாம் யார் துணையுமின்றிச் செய்வீர்கள், எந்த மென்பொருளில் செய்வீர்கள் என்று நான்கு வரியில் சொல்வது மேல்.

கடிதத்தோடு பெரும்பாலோர் அனுப்புவது ஒன்றரை நிமிட ஷோரீல். தாளத்துக்கு ஏற்ப வெட்டத் தெரிந்தவர் என்பது அதில் தெரியும். ஒருவர் பேசுவதை அர்த்தம் மாறாமல் சுருக்கத் தெரிந்தவரா என்பது தெரியாது. அதைக் காட்ட ஒரு முழு வீடியோவும், அதில் நீங்கள் செய்ததை விளக்கும் ஒரு சிறு குறிப்பும் வேண்டும்.

கைத்தறி நெசவாளர் ஒருவரைப் பற்றிய ஆறு நிமிட ஆவணப்படத்தை நீங்கள் எடிட் செய்ததாக வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கலாம்:

"மூலப் பதிவு 3 மணி நேரம். இரண்டு கேமரா, ஒலி தனி ரெக்கார்டரில். 1:10-இல் அவர் முகம் தெரியும் முன்பே குரல் தொடங்கும். அதனால் தறிக் காட்சியிலிருந்து பேட்டிக்குப் போவது உறுத்தாது. 3:05-இல் வரும் பதில், ஒரே கேள்விக்கு அவர் இரண்டு முறை சொன்னதிலிருந்து சேர்த்தது. வெட்டு தெரியாமலிருக்க அவர் கைகளின் குளோசப்பை மேலே வைத்தேன். கலர் கிரேடிங் வேறொருவர் செய்தது."

நல்ல எடிட்டிங்கில் வெட்டு கண்ணில் படாது. எங்கே பார்க்க வேண்டும் என்று நேரத்தோடு சொன்னால்தான் பார்ப்பவருக்கு உங்கள் உழைப்பு புலப்படும். கடைசி வரியும் முக்கியம். அடுத்தவர் வேலையை உங்களுடையதாகக் காட்டினால், நேர்காணலில் "இந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும். இன்னும் வெளிவராத வீடியோவாக இருந்தால், உரியவரிடம் அனுமதி கேட்காமல் அனுப்பக் கூடாது.

லிங்க்கிலும் கவனம் தேவை. யூடியூபில் 'Private' என்று வைத்த வீடியோ, நீங்கள் அழைத்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். 'Unlisted' என்று வைத்தால் லிங்க் கையில் உள்ள யாரும் பார்க்கலாம். அனுப்பும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்து, வேறொரு போனில் அந்த லிங்க்கைத் திறந்து பாருங்கள். திறக்காத லிங்க்கைத் திரும்பக் கேட்டு வாங்க, குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்கு நடுவே யாருக்கும் நேரமிருக்காது.