கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் எப்போது இருந்தது? லேபிள் சொல்லாத சேதி!

சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் உள்ள மளிகைக் கடைகளிலும் செக்கு எண்ணெய்க் கடைகளிலும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே பீநட் பட்டர் பாட்டில்களும் இருக்கும். இவற்றில் 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்ற வாசகத்தைப் பார்த்ததும், 'இது இதயத்துக்கு நல்லது போல' என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. சொந்தமாக எண்ணெய் ஆட்டி நகரத்துக்கு அனுப்பும் விவசாயிகளுக்கும், 'நம் லேபிளிலும் இதைப் போட்டால் என்ன?' என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முட்டை, பால், நெய், இறைச்சி, மீன் போன்ற உயிரின உணவுகளில்தான் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. தாவரங்களில் இருப்பது 'ஃபைட்டோஸ்டீரால்' என்ற வேறு பொருள். நிலக்கடலை, எள், தேங்காய் என்று எதை ஆட்டினாலும் கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தான் வரும். ரீஃபைன் செய்தாலும் மரச்செக்கில் ஆட்டினாலும் இதில் மாற்றமில்லை. ஆக, ஒரு பாட்டிலில் மட்டும் 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்று போட்டால், பக்கத்து பாட்டிலில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்ற தவறான எண்ணத்தைத்தான் அது உண்டாக்கும்.

பார்க்க வேண்டிய வரி எது?

நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் (எல்.டி.எல்) கூடுவதற்கு, உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான் முக்கியக் காரணம். லேபிளில் 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்று இருப்பது இதைத்தான்.

தேங்காய் எண்ணெயையும் கடலை எண்ணெயையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலுமே கொலஸ்ட்ரால் பூஜ்ஜியம். ஆனால், 100 கிராம் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 90 கிராம் வரை இருக்கும். கடலை எண்ணெயில் அது 20 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம். அந்த அளவில் தேங்காய் எண்ணெயிலிருந்து 12 கிராமும், கடலை எண்ணெயிலிருந்து இரண்டரை கிராமும் நிறைவுற்ற கொழுப்பு உடலுக்குள் போகிறது.

மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது சுமார் 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும். தேங்காய் எண்ணெயே ஆகாது என்று இதற்குப் பொருளில்லை; அளவு பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்ற வாசகம் அந்த அளவைச் சொல்வதில்லை.

பீநட் பட்டரில் கவனம்

100 கிராம் நிலக்கடலையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்புதான். அதில் 7 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. வறுத்த கடலையை மட்டும் அரைத்தால், சில நாள்களில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, கலக்கிவிட்டுச் சாப்பிடலாம். எண்ணெய் பிரியாமல் இருக்க, சில தயாரிப்புகளில் பாமாயிலோ, ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்போ சேர்க்கிறார்கள். சர்க்கரையும் சேர்வதுண்டு. இவை எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்பதால், 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்ற வாசகம் அப்படியே இருக்கும். பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்தால்தான் உண்மை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விளம்பர விதிகள், 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ' என்று சொல்ல கொலஸ்ட்ரால் அளவை மட்டும் பார்ப்பதில்லை. திடப்பொருள் என்றால், 100 கிராமில் கொலஸ்ட்ரால் 5 மில்லிகிராமுக்குள்ளும், நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். திரவத்துக்குக் கொழுப்பின் வரம்பு 100 மில்லியில் முக்கால் கிராம்தான். நாம் ஆட்டும் எந்த எண்ணெயும், கடலை பட்டரும் இந்த வரம்புக்குள் வராது.

'ஆன்டி கொலஸ்ட்ரால்', 'கொலஸ்ட்ரால் ஃபைட்டர்', 'டபுள் ரீஃபைண்ட்' போன்ற சொற்களை சமையல் எண்ணெய் லேபிளில் போடக் கூடாது என்று 2011-ம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

எனவே, எண்ணெய் விற்கும் விவசாயிகள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதித்து, ஊட்டச்சத்து அட்டவணையில் மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு ஆகியவற்றைத் தெளிவாக அச்சிடலாம். கொலஸ்ட்ரால் பூஜ்ஜியம் என்பதை அந்த அட்டவணையில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும். பாட்டிலின் முன்பக்கத்தில் என்ன கடலை, எந்த ஊரில் விளைந்தது, எந்தத் தேதியில் ஆட்டியது என்று எழுதலாம். அந்த விவரங்கள், பக்கத்து பாட்டிலுக்கும் இதற்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தைச் சொல்லும்.