கறுத்த ஈறு, சிவந்த சிரிப்பு

ஈறு கறுப்பாக இருப்பது பெரும்பாலும் நோய் அல்ல. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் ஈறின் மேல்தோலின் அடியடுக்கிலும் படிந்திருக்கிறது. ஆகவே எவ்வளவு தேய்த்துத் துலக்கினாலும் போகாது. திடீரென ஒரே இடத்தில் புதிதாகக் கரும்புள்ளி வந்தால் மட்டும், அழகை மறந்து முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

நிறத்தை நீக்க, சிரித்தால் தெரியும் முன்பற்களின் ஈறை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, கறுத்த மேலடுக்கைக் கத்தியாலோ லேசராலோ எடுக்கிறார்கள். கத்தியில் ரத்தம் கூடுதலாக வரும், செலவு குறைவு. லேசரில் ரத்தம் குறைவு, கட்டணம் அதிகம். எத்தனை பற்கள் என்பதைப் பொறுத்துச் சில ஆயிரங்களிலிருந்து கூடிக்கொண்டே போகும். பல் மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாக மலிவு.

முதல் சில நாள் பச்சைப் புண்தான். காரக்குழம்பும் ஊறுகாயும் வேண்டாம். ஓரிரு வாரத்தில் இளஞ்சிவப்புத் தோல் மூடிவிடும். ஈறு மெல்லியதாக இருப்பவர்களுக்கு ஆழமாகச் சுரண்டினால் ஈறு இறங்கி வேர் தெரியலாம். பல்லைச் சுற்றி வீக்கம், ரத்தக்கசிவு இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்.

நிறம் நிரந்தரமாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓரத்தில் மிஞ்சிய நிறச் செல்கள் மெல்ல உள்ளே பரவும். சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கறுப்பு திரும்பும். சிகரெட் பிடிப்பவருக்கு விரைவில் திரும்ப வாய்ப்பு அதிகம். புகையே ஈறில் மெலனினைத் தூண்டுகிறது.